எண்ணெயின் சூடு: கண்ணால் பார்ப்பதா, கருவியால் அளப்பதா, மெஷினிடம் விடுவதா?

எண்ணெயில் பண்டம் சடசடவென்று பொரியும்போது நாம் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்போம். சத்தம் அடங்கியதும் பயம் போய்விடும். எனக்கு இப்போதெல்லாம் அந்தச் சத்தம் அடங்குகிற நேரத்தில்தான் பயம். ஓர் ஈட்டை அரித்தெடுத்து, அடுத்த ஈட்டைப் போடுவதற்கு முன் எண்ணெய் சும்மா நிற்கிற அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் விபத்துக்கு வழி திறக்கிறது.

காரணம், பண்டத்தில் இருக்கும் தண்ணீர். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை எண்ணெயிலிருந்து உறிஞ்சுகிறது. நாம் பார்க்கும் குமிழி முழுக்க அந்த நீராவிதான். அதாவது பண்டம் உள்ளே கிடக்கும்வரை எண்ணெய்க்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அரித்தெடுத்துவிட்டால் அது போய்விடும், தீ மட்டும் அப்படியே எரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் எண்ணெய், சூடு 180 டிகிரி. அதில் 200 கிராம் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டால், அவற்றைச் சூடாக்குவதிலேயே எண்ணெய் சுமார் 20 டிகிரி இறங்கிவிடும். 400 கிராமை ஒரேயடியாகக் கொட்டினால் 140 பக்கம் வந்து நிற்கும். மேல்புறம் சீக்கிரம் மொறுமொறுப்பாகாது, சொதசொதவென்று எண்ணெய் வழியும். இனி எதிர்ப்பக்கம். அடுப்பிலிருந்து சுமார் ஒரு கிலோவாட் வெப்பம் பாத்திரத்துக்குள் போவதாக வைத்துக்கொண்டால், பண்டம் இல்லாத ஒன்றரை லிட்டர் எண்ணெய் நிமிடத்துக்கு 20 டிகிரி போல ஏறும். 180-இலிருந்து 230-க்குப் போக இரண்டரை நிமிடம். சுத்திகரித்த எண்ணெய்கள் பலவும் புகையத் தொடங்குவது அந்தப் பக்கம்தான். அதையும் கவனிக்காமல் விட்டால், நெருப்பைக் காட்டாமலே தானாகப் பற்றிக்கொள்ளும் நிலை வரைக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும்.

எனக்கு நடந்ததும் இதுதான். ஓர் ஈட்டை எடுத்து வைத்துவிட்டு, மணி அடித்தது என்று கதவைத் திறக்கப் போனேன். வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால், அடுப்புக்கு மேல் மெல்லிய நீலப்புகை. அணைத்ததும் அடங்கிவிட்டது, எதுவும் ஆகவில்லை. ஆனால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. சூட்டைக் கட்டுப்படுத்த எந்த வழி நல்லது என்று பார்க்கும்போதெல்லாம், இந்த இரண்டரை நிமிடத்தில் அது எனக்கு என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்கிறேன்.

முதலில் கண் கணக்கு. ஈரமில்லாத மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் விட்டு, சுற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, அல்லது மாவு ஒரு துளி போட்டு, அடியில் போனது உடனே மேலே வருகிறதா என்று பார்ப்பது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று சொல்ல இது போதும். நான் இன்னும் செய்கிறேன். ஆனால் இது கீழ் எல்லையை மட்டும்தான் காட்டும். 170-இலும் குமிழி வரும், 210-இலும் வரும், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மேல் எல்லையைச் சொல்வது புகை ஒன்றுதான், அது தெரியும்போது நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம். தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். முகத்தில் தெறிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது தெர்மாமீட்டர். பாத்திரத்தின் விளிம்பில் மாட்டிவிடும் கம்பி வகையைச் சொல்கிறேன். பண்டம் போட்டதும் முள் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பார்க்கப் பார்க்க, ஓர் ஈட்டுக்கு எவ்வளவு போடலாம் என்பது இரண்டே நாளில் கைக்கு வந்துவிடும். என் பழக்கம்: 180-இல் போடுவேன், 160-க்குக் கீழே போனால் அடுத்த ஈட்டைக் குறைப்பேன். அரித்தெடுப்பதற்கு முன்பே தீயைச் சிறுதீயாக்கிவிடுவேன். முள் 185-ஐத் தொட்டால் தீயை அணைத்துவிடுவேன்.

இதில் ஏமாறுகிற இடங்களும் உண்டு. கம்பியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் உலோகத்தின் சூட்டைக் காட்டும், எண்ணெயின் சூட்டை அல்ல. எண்ணெயின் நடு ஆழத்தில் நிற்க வேண்டும். புதிதாக வாங்கியதைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்றால் 100 காட்ட வேண்டும். மலையூர்களில் தண்ணீர் அதற்கும் குறைவிலேயே கொதிக்கும். துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து பார்க்கும் வகையும் கிடைக்கிறது. தொடாமல் அளக்கலாம் என்பது வசதிதான், ஆனால் அது மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. ஒருமுறை கிளறிவிட்டு அளந்தால் ஓரளவு நம்பலாம், நீராவி எழும்பும் நேரத்தில் நம்ப முடியாது.

ஆனால் தெர்மாமீட்டர் சூட்டைச் சொல்லும், எதுவும் செய்யாது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் எனக்கு, உள்ளே முள் 220-ஐக் காட்டி என்ன பயன்?

அந்த இடத்தில் மூன்றாவது வழி, அதாவது எலெக்ட்ரிக் ஃப்ரையர், முந்துகிறது. அதில் உள்ள தெர்மோஸ்டாட் குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும், இறங்கினால் மறுபடி கொடுக்கும். பெரும்பாலானவற்றில் தெர்மோஸ்டாட் பழுதானாலும் அளவு மீறிச் சூடானால் மொத்தமாக நிறுத்திவிடும் இன்னொரு பாதுகாப்பும் இருக்கும். அந்த இரண்டரை நிமிடத்தில் எனக்காக ஏதாவது செய்வது மூன்றில் இது ஒன்றுதான். அதற்காக விட்டுவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஈரப் பண்டத்தையோ பனிக்கட்டி ஒட்டியதையோ போட்டால் நுரைத்துப் பொங்கி வழிவதை எந்தத் தெர்மோஸ்டாட்டும் தடுக்காது. உள்ளே MIN, MAX என்று இரண்டு கோடு இருக்கும். MIN-க்குக் கீழே எண்ணெய் இருந்தால் சூடேற்றும் பாகம் வெளியே தெரிந்து அபாயமாகிவிடும். சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அந்த மின்சாரத்தைத் தாங்காது.

குறைகளும் உண்டு. இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் கேட்கும், நாலு துண்டு பொரிக்க அது அநியாயம். சிறிய மாடல்களில் பண்டம் போட்டபின் சூடு மீள நேரமாகும். கழுவுவதோ தனி வேலை.

என்னைக் கேட்டால், அடுப்படியில் குழந்தைகள் ஓடும் வீட்டுக்கும், என்னைப் போல மணி அடித்தால் ஓடுகிறவர்களுக்கும், வாரா வாரம் பொரிப்பதாக இருந்தால் ஃப்ரையர். எப்போதாவது பொரிப்பவர்களுக்கு அடி கனமான, செங்குத்தாக உயர்ந்த பாத்திரமும் மாட்டும் தெர்மாமீட்டரும். அகன்று விரிந்த வாணலியில் குறைந்த எண்ணெயில் பொரிக்கலாம் என்பது உண்மை, ஆனால் நுரைத்தால் விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது. அடுப்பில் அது ஆடவும் செய்யும். எந்தப் பாத்திரமானாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதில்லை. பொரிக்கும் நேரம் முழுக்க, பாத்திரத்துக்குப் பொருந்தும் உலோக மூடி கை எட்டும் இடத்தில் இருக்கும். போக வேண்டி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து மறுபடி காய வைக்கச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

புகை தெரிந்தால் தீயை அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள், பாத்திரத்தை நகர்த்தாதீர்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் இருங்கள். திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைக்கும். பக்கத்தில் நெருங்க முடியாத தீ என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்த் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் வழி.

சரி, பொரித்து முடித்த எண்ணெய்? உடனே வடிகட்ட ஆசைப்படக் கூடாது. ஒன்றரை லிட்டர் ஆற மணிக்கணக்கில் ஆகும். நான் மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில்தான் தொடுவேன். அடியில் தங்கும் கசடுதான் அடுத்த முறை முதலில் கருகி எண்ணெயைக் கெடுப்பது, அதனால் மெல்லிய துணியில் வடிகட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் இருட்டான இடத்தில் வைத்தால் மறுபடி பயன்படும். எத்தனை முறை என்று எண்ணுவதைவிட எண்ணெயைப் பார்ப்பதுதான் சரி. பண்டத்தை எடுத்தபிறகும் நுரை அடங்காமல் நின்றால், பிசுபிசுத்தால், காறல் வாடை வந்தால், முன்பு 180-இல் புகையாத எண்ணெய் இப்போது புகைந்தால், அதன் காலம் முடிந்தது.

அதைத் தொட்டியில் ஊற்றுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. சோப்பும் வெந்நீரும் விட்டால் நம் குழாயைத் தாண்டிப் போய், எங்கோ ஆறி ஒட்டிக்கொள்ளும். 2017-இல் லண்டனில் ஒரு சாக்கடைக்குள் இப்படிச் சேர்ந்த கொழுப்புக்கட்டி 250 மீட்டர் நீளம் இருந்தது. மீதி வழிகளில், எண்ணெய் சேகரிக்கும் இடம் எட்டும் தூரத்தில் இருந்தால் ஆறிய எண்ணெயை மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து அங்கே கொடுப்பதுதான் மேல், அது பயோடீசலாக மாறும். அப்படி இல்லையென்றால் உறைய வைக்கும் பொடி இருக்கிறது. எண்ணெய் சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும், ஆறினால் கட்டியாகும், அப்படியே பெயர்த்துக் குப்பையில் போடலாம். இதற்கென்று எண்ணெயை மறுபடி சூடாக்க நேர்ந்தால், அப்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள். கொஞ்சம்தான் மிச்சம் என்றால், ஆறியபின் பழைய காகிதத்தில் உறிஞ்சவிட்டு மூடிய டப்பாவில் போட்டுவிடலாம்.

எண்ணெய் துடைத்த துணியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். எண்ணெய் ஊறிய துணிகளைச் சூட்டோடு குவித்து வைத்தால், காற்றோடு சேர்ந்து எண்ணெய் தானே சூடாகி, சில நேரம் பற்றிக்கொள்ளும். துவைத்தபிறகும் ட்ரையரிலிருந்து எடுத்த சூட்டோடு மடித்து அடுக்கியதில் தீப்பிடித்ததுண்டு. அதனால் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுகிறேன். துணி பயன்பட்டால் அதை விரித்துக் காயப்போட்டு, ஆறியபிறகே மடித்து வைக்கிறேன்.