165/80 R14 டயர்: நாலு மழைக்காலம், 41,000 கிலோமீட்டர்

மாமனார் வீடு தேனியில். அதனால் மாதம் இரண்டு முறையாவது மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய் வழியாக எங்கள் சின்ன கார் போய் வரும். 2018 நவம்பரில் அந்தக் கணவாய் இறக்கத்தில், தூறல் வலுத்த நேரத்தில், ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாக வெளியே நழுவியது. வேகம் ஐம்பதுகூட இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்து நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த பையன் "அப்பா, இன்னொரு தடவை" என்றான்.

டயரில்தான் காரணம் இருந்தது. ஒரு மாதம் முன்புதான் இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டிருந்தேன், கடைக்காரர் சொன்னபடி முன்பக்கம். இழுப்பு முன் சக்கரத்தில், பிரேக்கும் அங்கேதான் அதிகம், புதுசு அங்கே போகட்டும் என்பது அவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஈரத்தில் முன் சக்கரம் பிடியை விட்டால் வண்டி வளையாமல் நேரே போகும், ஆக்சிலேட்டரை விட்டதும் பெரும்பாலும் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் விட்டால் வண்டியே சுழலும், சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதைச் சமாளிக்க முடியாது. டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களைத்தான் பட்டன் என்கிறோம், அது ஆழமாக உள்ள ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். மறுநாளே மாற்றிப் போட்டேன். அடுத்த தடவை நாலையும் சேர்த்தே வாங்குவது என்றும் முடிவெடுத்தேன்.

அந்த அடுத்த தடவை 2021 ஜூலையில் வந்தது. வண்டிக்கு நிறுவனம் கொடுத்த அளவு 165/80 R14 85T. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. பைபாஸ் ரோட்டில் நான் போன முதல் கடையில் இந்த அளவு இருப்பு இல்லை. "சார், இதுவும் பதினாலு இஞ்சுதான், ரிம்முல கச்சிதமா உக்காரும், அகலமும் கூடுதல்" என்று 175/65 R14ஐ எடுத்து வைத்தார். ஒன்றுக்கு நானூறு ரூபாய் குறைவு வேறு.

ரிம்மில் உட்காரும் என்பது உண்மைதான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டேன்.

```
165 × 0.80 × 2 + 14 × 25.4 = 619.6
175 × 0.65 × 2 + 14 × 25.4 = 583.1
```

உயரத்தில் 36 மில்லிமீட்டர் வித்தியாசம். அதில் பாதி, அதாவது 18 மில்லிமீட்டர், வண்டி தரையை நோக்கி இறங்கிவிடும். நம்மூர் வேகத்தடைகளை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. ஸ்பீடோமீட்டரும் ஏற்கெனவே சொல்வதைவிட ஆறு சதவீதம் கூடுதலாகக் காட்டும், கிலோமீட்டர் கணக்கும் அதேபோல் ஏறும். போதாததற்கு அந்த டயரில் சுமைக் குறி 82, அதாவது 475 கிலோ. அஞ்சு பேரும் அரிசி மூட்டையுமாகப் போகிற வண்டிக்குக் குறைத்துக்கொள்ள வேண்டிய எண் அது இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் மைத்துனர் அதே மாடல் வண்டிக்கு அதே டயரைப் போட்டார். "என்ன மச்சான், வண்டி அடிக்கடி அடியில தட்டுது" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

185/70 R14 பற்றி யோசித்தேன். அதன் உயரம் 614.6, கிட்டத்தட்ட சமம்தான், சுமைக் குறியும் அதிகம். காய்ந்த ரோட்டில் வளைவுகளில் நன்றாக நிற்கும் என்று அதைப் போட்டவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கிறது, அதே எடைதான் அதை அழுத்துகிறது. அதனால் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறையும். எனக்குப் பயம் மழையில்தான். 165லேயே நின்றேன்.

பட்டன் வடிவத்தில் மூன்று வகை பார்த்தேன். அம்பு போட்டு ஒரே திசையில் சுற்ற வேண்டிய V வடிவம் தண்ணீரை நன்றாக வெளியேற்றும். ஆனால் இடது வலது மாற்ற வேண்டுமென்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும், ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக இருக்கும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறு வேறாக இருப்பது இரண்டாவது வகை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது மூன்றாவது. நான் எடுத்தது மூன்றாவதுதான், சுற்றிலும் நேராக ஓடும் நாலு அகலமான பள்ளங்களோடு. பக்கவாட்டுக் கீறல்கள் ஓரம்வரை திறந்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டுமே. பக்கச்சுவரில் ஒப்புதல் எண்ணின் முடிவில் S2WR2 என்று இருந்தது. அதில் உள்ள W, ஈரத்தரைப் பிடிப்புச் சோதனையின் குறைந்தபட்ச அளவைத் தாண்டியதைச் சொல்கிறது. எவ்வளவு தாண்டியது என்று சொல்லாது. தயாரிப்பு எண் 1421, அதாவது 2021இன் 14வது வாரம். முதலில் காட்டிய ஜோடியில் 3819 என்று இருந்தது. இரண்டு வருடம் குடோனில் கிடந்ததற்குப் புது விலை எதற்கு என்று வேண்டாமென்றேன்.

அப்புறம் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம், நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பட்டன் ஆழமானி வாங்கி, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றும்போதெல்லாம் அளந்து டைரியில் எழுதியது. அளக்கும்போது பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டின் மேல் வைக்கக் கூடாது. அது தேய்மானக் குறி, 1.6 மில்லிமீட்டர் உயரம். உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட். எனக்கு ஒருமுறை முன் இடது டயரின் உள் ஓரம் மட்டும் நடுவைவிட 0.8 குறைந்திருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. செக்கானூரணி தாண்டி ஒரு குழியில் விட்டது நினைவுக்கு வந்தது.

பட்டன் ஆழம் புதிதில் 7.8 மில்லிமீட்டர். 20,000 கிலோமீட்டரில் 5.8. இப்போது 41,000இல் 3.5. முதல் மூன்று மழைக்காலத்திலும் மழையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, கணவாயில்கூட. போன ஐப்பசியில்தான் வித்தியாசம் தெரிந்தது. உசிலம்பட்டிக்கு முன்னால், லாரி ஓடித் தாழ்ந்த தடத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில், எழுபதில் போகும்போது ஸ்டியரிங் ஒரு நொடி கனமே இல்லாமல் போயிற்று. இன்ஜின் சத்தம் லேசாக ஏறியது. டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறியதற்கான அடையாளம் அது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேரே பிடித்து, காலை மட்டும் எடுத்தேன். மூன்று வருடம் முன்பு அதே இடத்தில், அதே வேகத்தில், ஒன்றும் தெரிந்ததில்லை.

சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். டயர் கடையில் காட்டினால் "இன்னும் பதினைந்தாயிரம் ஓடும் சார்" என்பார்கள், ஓடும்தான். நான் 3க்குக் கீழே மழையில் ஓட்டுவதாக இல்லை. காய்ந்த ரோட்டில் இந்த டயர் இன்றைக்கும் முதல் நாள் மாதிரியே பிடிக்கிறது. அதுதான் ஏமாற்றுகிறது. கோடை முழுக்க நன்றாக இருந்துவிட்டு, தூசியும் எண்ணெயும் படிந்த ரோட்டில் முதல் மழை விழும்போது கைவிடும்.

அடுத்ததும் அதே அளவு, அதே வடிவம்தான். தீபாவளி வரை தள்ளாமல் செப்டம்பரிலேயே மாற்றப் போகிறேன். புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு போக முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஆகும். தேனிக்கு இரண்டு நடை காய்ந்த ரோட்டில் போய் வந்தால் அது முடிந்துவிடும்.