செவுளை விளக்குவதா, மாட்டிவிட்டு இறக்குவதா?

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இன்னும் அறுபது வருடம் கழித்து, திருக்கடலூர்ப் பையன் ஒருவன் கொட்டியாரக் குடாவில் கடலட்டை பிடிக்க இறங்குகிறான். முதுகில் சிலிண்டர் இல்லை. கழுத்தில் மாட்டிய செயற்கைச் செவுள் கடல்நீரிலிருந்தே ஒட்சிசனை எடுத்துக் கொடுக்கிறது. இந்தச் செவுளைப் பற்றி வாசகருக்கு எவ்வளவு சொல்வது?

முதல் வழி, முழுக்க விளக்குவது. பெரும்பாலும் அது இப்படித்தான் வரும்: "உனக்குத் தெரியும்தானே ரூபன், செவுளில் உள்ள மென்சவ்வு தண்ணீரில் கரைந்த ஒட்சிசனைப் பிரித்து..." ரூபனுக்குத் தெரியும் என்றால் ஏனப்பா சொல்கிறாய்? பேச்சு வாசகரைப் பார்த்துத் திரும்பிவிட்டது, படகு நின்றுவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல், விளக்கம் வாசகர் கையில் பென்சிலைக் கொடுத்துவிடுவதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே நிமிடத்துக்குக் கால் லீட்டர் ஒட்சிசன் வேண்டும். 28 பாகை வெப்பமுள்ள கடல்நீரில் லீட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் அது கரைந்திருக்கும். ஒன்றும் மிச்சம் விடாமல் உறிஞ்சினாலும் நிமிடத்துக்கு 55 லீட்டருக்கு மேல் தண்ணீர் செவுளுக்குள் ஓடியாக வேண்டும். நீந்தி வேலை செய்பவனுக்கு அதன் நான்கு மடங்காவது வேண்டும். கழுத்தில் மாட்டிய சாமான் நிமிடத்துக்கு இருநூறு லீட்டருக்கு மேல் இழுக்கிறதென்றால் அதற்கு பற்றரி எங்கே? ஆசிரியர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி பலருக்கு வந்தே இருக்காது. இப்போது அடுத்த பத்தியில் பற்றரியையும் விளக்க வேண்டும்.

இரண்டாவது வழி, எதுவுமே சொல்லாமல் புதுப் பெயர்களை மட்டும் இறைப்பது. 'அவன் மீரியை இழுத்து நொவாவில் இறங்கினான்' என்று எழுதினால் மர்மம் வராது, எரிச்சல்தான் வரும். பிடித்து ஏற ஒரு கொப்பும் இல்லை.

மூன்றாவது வழியில் விளக்கத்தைப் பழக்கத்துக்குள் வைத்துவிடலாம். அம்மா செவுளை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போடுகிறாள். சவ்வு மாற்றக் காசில்லாமல் அண்ணனின் பழைய செவுளைத் தம்பி மாட்டிக்கொண்டு போகிறான். அடியில் அவன் ஒரே இடத்தில் நின்றால் மூச்சு முட்டுகிறது, அதனால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். தண்ணீர் ஓடினால்தான் செவுள் வேலை செய்யும் என்பதை யாரும் சொல்லவில்லை, கால் சொல்லிவிட்டது. மேலே போட்ட கணக்கும் வீணாகவில்லை. நின்றால் முட்டும் என்ற எண்ணமே அதிலிருந்துதான் வந்தது. எழுதுகிறவர் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒளித்துவைக்க வேண்டும். போடாமலே ஒளித்தால் ஒரு பக்கத்தில் பையன் நிம்மதியாகப் பாறை இடுக்கில் பதுங்கியிருப்பான், இன்னொரு பக்கத்தில் நின்றதால் திணறுவான். விளக்கம் இல்லாத கதையில் இந்த முரண்தான் முதலில் கண்ணில் படும்.

என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கதை எந்த இடத்தில் திரும்புகிறதோ, அதற்குத் தேவையான ஒரு குறையை மட்டும் முன்கூட்டியே வாசகர் கண்ணில் காட்டிவிட வேண்டும். இந்தக் கதையில் மார்கழி மழைக்கு மகாவலி சேற்றோடு குடாவுக்குள் வருகிறது, சேறு சவ்வை அடைக்கிறது, பையன் மாட்டிக்கொள்கிறான். அது கடைசியில்தான் தெரியவந்தால் ஏமாற்று வேலை. மூன்றாம் பக்கத்திலேயே அம்மா, "தம்பி, ஆத்துத் தண்ணி கலங்கி வருது. இண்டைக்குச் செவுளைப் போடாதை" என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று அவள் சொல்லத் தேவையில்லை, அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

முதல் வழியை அடியோடு தள்ளவும் முடியாது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த, கோணேசர் கோயில் மலையடிக் கடலில் மூழ்கிப் பார்த்த ஆர்தர் சி. கிளார்க், 1979 நாவலில் விண்ணுக்குப் போகும் உயர்த்தியை விலாவாரியாகவே விளக்குகிறார். அது சலிக்காததற்குக் காரணம், அங்கே ஒரு பொறியியலாளர் விஷயம் தெரியாதவர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. விளக்குவதே அவர் தொழில். செவுளுக்கும் அப்படி ஒரு ஆளைக் கொண்டுவரலாம்: கடனுக்கு விற்க வந்த முகவர், அல்லது முதல் நாள் மாட்டிப் பார்க்கும் சிறுவன்.

அளவு சரியா என்று பார்க்க, படித்தவரிடம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஓம் என்பார். "இவன் அடியில் தூங்கிவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "செத்துப்போவான்" என்று சட்டென வந்தால் இன்னும் ஒரு வரியை வெட்டிப் பார்க்கலாம். "செவுள்தானே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டால், காலை ஆட்டும் வரி இன்னும் ஓரிடத்தில் வர வேண்டும்.