பெருக்கும் சூத்திரமா, விரிதாளா: 20ஆம் லெவலில் சாகாத காட்டுப்பன்றி

சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் எனக்குக் கிராணி வேலை. இரவில் வீட்டில் உட்கார்ந்து கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். செம்பனைத் தோட்டம்தான் களம். எலி, காண்டாமிருக வண்டு, காட்டுப்பன்றி ஆகியவை எதிரிகள். மொத்தம் 20 லெவல். பள்ளி விடுமுறையில் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆடிப் பார்த்தார்கள். 10ஆம் லெவல் வரை ஒரே கும்மாளம். 15ஐத் தாண்டி ஒருவன்கூடப் போகவில்லை. "மாமா, அடிச்சுக்கிட்டே இருக்கேன், பன்னி சாகவே மாட்டேங்குது" என்றான் அக்கா மகன். அவன் கூட்டாளியின் புகார் வேறு: "சட்டுனு செத்துப் போறேன், அண்ணே."

இரண்டும் ஒரே புகார் இல்லை. முதலாவது எதிரியின் ஹெல்த் பற்றியது, இரண்டாவது எதிரியின் டேமேஜ் பற்றியது. எனக்கு இது முன்பே தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கேமைச் செய்தவன் நான்; எந்தப் பன்றி எப்போது பாயும் என்று எனக்கு மனப்பாடம். அடியே வாங்காமல் ஆடுகிறவனுக்கு எதிரியின் டேமேஜ் 20 என்றாலும் 70 என்றாலும் ஒன்றுதான்.

சரி, சரிசெய்ய என்ன வழி? ஒவ்வொரு லெவலுக்கும் கையாலேயே எண்ணைப் போடலாம். 20 லெவலும் மூன்று வகை எதிரியும் இருந்தால் அது முடிகிற வேலை இல்லை. ஆடுகிறவரின் பலத்தைப் பார்த்து எதிரியின் பலத்தை கேமே உடனுக்குடன் மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால், பாடுபட்டுப் பலம் சேர்த்தவருக்கு அதன் பலன் தெரியாமல் போய்விடும். இவை இரண்டையும் ஒதுக்கிய பிறகு உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவேதான் இருந்தது. ஒன்று, லெவலுக்கு இத்தனை சதவீதம் என்று பெருக்கிக்கொண்டே போகும் சூத்திரம். மற்றது, எத்தனை அடியில் எதிரி சாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எண்களை விரிதாளில் கணக்கிட்டு எடுப்பது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். அதனால் கீழே அதன் பக்கம்தான் அதிகம் பேசுவேன்.

முதலில் பழைய சூத்திரம். என் கோடில் இருந்தது இதுதான்:

```
hp = 40 * pow(1.18, level - 1)
damage = 8 * pow(1.12, level - 1)
```

ஆடுகிறவரின் ஓர் அடியின் பலம் 10இல் தொடங்கி லெவலுக்கு 2 கூடும். அவர் ஹெல்த் 80இல் தொடங்கி லெவலுக்கு 8 கூடும். எதிரியின் பலம் பெருக்கலில் ஏறுகிறது, நம் பலம் கூட்டலில் ஏறுகிறது. கோளாறு முழுவதும் இங்கேதான். 20ஆம் லெவலில் எதிரியின் ஹெல்த் 929, டேமேஜ் 69 என்று தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அவற்றை அடிக் கணக்காக மாற்றினால் புரியும்.

முதல் லெவலில் எதிரி 4 அடியில் சாகும். நாம் சாக 10 அடி வேண்டும். 10ஆம் லெவலில் இரண்டுமே 7. 15இல் எதிரிக்கு 11 அடி, நமக்கு 5. 20இல் எதிரிக்கு 20 அடி, நமக்கு வெறும் 4. எதிரிக்குத் தேவையான அடியை நமக்குத் தேவையான அடியால் வகுத்தால் முதல் லெவலில் 0.4, கடைசி லெவலில் 5. ஹெல்த் பக்கம் 5 மடங்கு, டேமேஜ் பக்கம் 2.5 மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கி, கடைசி லெவல் முதல் லெவலைவிடப் பன்னிரண்டரை மடங்கு கடினமாகிவிட்டது. தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டு எண்ணும் நியாயமாகத் தெரிந்ததால்தான் ஏமாந்தேன். பையன்கள் கடைசியாக ரசித்து ஆடிய 10ஆம் லெவலில் அந்த விகிதம் 1 என்பதையும் குறித்துக்கொண்டேன். அது பிறகு உதவியது.

சூத்திரத்துக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு 1.18ஐக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்தேன். 1.10 போட்டால் 20ஆம் லெவல் எதிரி 6 அடியில் சாகிறது. இது ஒரே எண்ணை மாற்றும் வேலை, ஒரு நிமிடத்தில் முடியும். 10 லெவலோடு முடிகிற கேம் என்றால் இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் 1.10இல் முதல் லெவலிலிருந்து 15 வரை எல்லா லெவலிலும் அதே 4 அடிதான். நடுப்பகுதி சப்பென்று ஆகிவிட்டது. பின்னாளில் 30 லெவலாக நீட்டினால் கடைசியில் 10 அடி வரும். பெருக்கல் எப்போதும் கூட்டலை முந்திவிடும். சதவீதத்தைக் குறைப்பதால் முந்தும் இடம் தள்ளிப்போகுமே தவிர, முந்தாமல் இருக்காது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை மாற வைத்தது பராமரிப்பு. கேமில் எதையாவது ஒன்றைத் தொட்டால் மற்றதையெல்லாம் எத்தனை தடவை திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே தீர்ப்பு சொல்லும் விஷயம் என்று நினைக்கிறேன்.

நடந்தது இது. 12ஆம் லெவலில் ஆடுகிறவருக்கு ஒரு புதுக் கத்தி கொடுத்தேன். அடி 8 கூடுகிறது, 32 என்பது 40 ஆகிறது. 1.10 சூத்திரத்தில் அந்த லெவல் எதிரியின் ஹெல்த் 114. மூன்றே அடி, அதாவது முதல் லெவலைவிட எளிது! அங்கே 5 அடி வேண்டுமென்று சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போனால் 1.14இல் கிடைக்கிறது. ஆனால் அந்த 1.14 கடைசி லெவலில் 9 அடியைக் கொண்டுவருகிறது. கத்தி ஒரே இடத்தில் படிபோல ஏறுகிறது. சூத்திரமோ வழவழவென்று வளைந்து ஏறுகிறது. ஒரு சதவீதத்தை எப்படித் திருகினாலும் படியோடு அது பொருந்தாது. கத்தியைச் சரிக்கட்டினால் கடைசி கெடும், கடைசியைச் சரிக்கட்டினால் கத்தி கெடும். மூன்று இரவு இப்படிப் போனது.

அப்புறம்தான் விரிதாளைத் திறந்தேன். லிப்ரேஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவும் போதும். ஒரு வரிசைக்கு ஒரு லெவல். A லெவல் எண், B நம் அடியின் பலம், C நம் ஹெல்த். D, E இரண்டும் நான் கையால் தட்டுபவை: எதிரி எத்தனை அடியில் சாக வேண்டும், நாம் எத்தனை அடியில் சாக வேண்டும். D முதல் 6 லெவலுக்கு 4, அடுத்து 15 வரை 5, அதற்குமேல் 6. E 10இல் தொடங்கி மெல்ல 6க்கு இறங்கும். கடைசி லெவலில் 6க்கு 6, விகிதம் 1. பையன்கள் ரசித்த அதே விகிதம். எதிரியின் ஹெல்த்தும் டேமேஜும் F, G பத்திகளில் தானாக வரும்:

```
F2: =ROUND((D2-0.5)*B2,0)
G2: =ROUND(C2/(E2-0.5),0)
H2: =ROUNDUP(F2/B2,0)
I2: =ROUNDUP(C2/G2,0)
```

அந்த 0.5ஐ விட்டுவிடாதீர்கள். அடி 48, ஹெல்த் 288 என்றால் சரியாக 6 அடி. ஹெல்த் 289 ஆனால் 7 அடி. ஒரே ஒரு புள்ளிக்கு ஒரு முழு அடி கூடிவிடும். அரை அடி குறைத்து 264 என்று வைத்தால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். H, I இரண்டும் சரிபார்ப்புக்கு; D, E பத்திகளோடு அவை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வரிசை சிவப்பாகும்படி வைத்திருக்கிறேன். ஆபீசில் செக்ரோல் கூட்டிப் பழகிய கைக்கு இது இல்லாமல் தூக்கம் வராது.

இப்போது அதே கத்தி. 12ஆம் லெவலின் வரிசையிலிருந்து B பத்தியில் 8 கூட்டினேன். அந்த வரிசைகளின் ஹெல்த் முழுவதும் தானாக மாறியது. 12ஆம் லெவலில் 144 என்பது 180 ஆனது. வேலை முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் இந்த முறையின் குறையும் இங்கேதான் தெரிந்தது. கத்தி வாங்கிய பிறகும் எதிரி அதே 5 அடியில்தான் சாகிறது. கத்தி கையில் இருப்பதே தெரியவில்லை. அதனால் 12, 13 இரண்டு லெவலுக்கு மட்டும் D பத்தியில் 5ஐ 4 ஆக்கினேன். 11ஆம் லெவல் எதிரிக்கு ஹெல்த் 135, 12ஆம் லெவல் எதிரிக்கு 140. எதிரி கிட்டத்தட்ட அதேதான், அடி ஒன்று குறைகிறது. வித்தியாசம் கையில் தெரிகிறது. 14இல் மறுபடி 5. இரண்டு கட்டத்தில் எண்ணை மாற்றியதோடு சரி. மற்ற லெவல் எதுவும் அசையவில்லை.

விரிதாளை CSV கோப்பாகச் சேமித்து, கோடோவில் `get_csv_line()` கொண்டு படிக்கிறேன். ஒரு எச்சரிக்கை: CSV கோப்பை மொழிபெயர்ப்புக் கோப்பு என்று எடுத்துக்கொள்வது கோடோவின் இயல்பு. Import பகுதியில் `Keep File` என்று மாற்றிவிடுங்கள்.

சூத்திரத்துக்கு ஒரு இடம் இன்னும் உண்டு. முடிவே இல்லாமல் லெவல் போய்க்கொண்டிருக்கும் கேமுக்கு வரிசை வரிசையாக D பத்தியை நிரப்ப முடியாது. அப்படி ஒரு கேமை நான் செய்ததில்லை, அதனால் அங்கே அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. B பத்தியும் ஓர் ஊகம்தான்: எல்லாரும் எல்லாப் பலத்தையும் வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்கிறது. லெவலுக்கு 2 கூட்டும் மேம்பாடுகளில் ஐந்து குறைவாகக் கடைசி லெவலுக்கு வருகிறவருக்கு அடியின் பலம் 56க்குப் பதில் 46. 6 அடியில் சாக வேண்டிய எதிரி 7இல் சாகும். அது பரவாயில்லை என்று விட்டிருக்கிறேன்.

கூட்டமாக வரும் எதிரிகள் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் உறுதி இல்லை. விரிதாள் ஒருவருக்கு ஒருவர் என்ற சண்டையைத்தான் கணக்கிடுகிறது. 17ஆம் லெவலில் மூன்று வண்டுகள் சேர்ந்து வருகின்றன. முதல் வண்டு சாகும்வரை மூன்றும் கடிக்கும், அடுத்தது சாகும்வரை இரண்டு, பிறகு ஒன்று. 3+2+1, ஆறு பங்கு அடி. ஒவ்வொன்றாக வந்திருந்தால் மூன்று பங்குதான். எனவே அந்த லெவலில் D பத்தியில் 6ஐப் பாதியாக்கி 3 போட்டேன். வண்டின் ஹெல்த் 275இலிருந்து 125க்கு இறங்கியது. 11ஆம் லெவல் எதிரியைவிடக் குறைவு என்று பார்க்கத் தப்பாகத் தெரியும், ஆனால் ஆடும்போது சரியாக இருக்கிறது. இதுவரை அக்கா மகனும் அவன் கூட்டாளி ஒருவனும் மட்டுமே அந்த லெவலை ஆடியிருக்கிறார்கள். இரண்டு பேரும் தாண்டிவிட்டார்கள், மூன்றாவது முயற்சியில்.