மூன்று அளவு, ஓர் அடர்த்தி: ரீல் எடைக் கணக்கோடு ஆறு வருடம்

சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு யூனிட்டில் ஸ்டோர் என் பொறுப்பில் இருக்கிறது. பேப்பர் சுற்றிய முழு ரீல் வரும்போது எடைச் சீட்டோடு வந்துவிடும், அதில் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் மெஷினில் ஏறி, கொஞ்சம் ஓடி, ஆர்டர் மாறியதும் இறங்கி வந்து மூலையில் நிற்கிற ரீல்களால்தான். மாதக் கடைசியில் அப்படி முப்பது நாற்பது ரீல் நிற்கும். ஒவ்வொன்றையும் தூக்கி எடை போட எங்களிடம் ஆளும் இல்லை, அதற்கேற்ற தராசும் இல்லை. அதனால் ஆறு வருடமாக டேப்பால் அளந்து எடையைக் கணக்குப் போட்டு வருகிறேன். இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

தொடங்கியதற்குக் காரணம் ஓர் இரவு ஷிப்ட். பட்டாசுப் பெட்டி ஆர்டர் நெருக்கடியான நேரம். மீதி ரீலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "பாதி ரீல் இருக்கு அண்ணாச்சி, தாராளமா வரும்" என்றார் மெஷின்காரர். பார்வைக்கு நிஜமாகவே பாதிதான். முழு ரீல் 110 செ.மீ. விட்டம், இது 55. ஆனால் விடிவதற்குள் பேப்பர் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டது. விட்டம் பாதியானால் பேப்பர் பாதியாவதில்லை, கிட்டத்தட்ட கால் பங்குதான் மிஞ்சுகிறது. அந்த 110 செ.மீ. ரீல் எடையில் சரிபாதியாகும்போது அதன் விட்டம் 78 செ.மீ. இருக்கும். கண்ணுக்கு அது முக்கால் ரீல் போலத் தெரியும். அன்றைக்குப் பிறகு கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன்.

கணக்கு எளிதானது. ரீலின் பக்கவாட்டு வட்டத்தின் பரப்பில் இருந்து நடுவில் இருக்கும் அட்டைக் குழாயான கோரின் வட்டத்தைக் கழித்து, அகலத்தால் பெருக்கினால் பேப்பரின் கன அளவு வரும். அதை அடர்த்தியால் பெருக்கினால் எடை. எக்செலில் நான் வைத்திருப்பது இது:

```
=0.7854*(B2^2-C2^2)*A2*D2/1000
```

A2 அகலம், B2 ரீலின் விட்டம், C2 கோரின் வெளி விட்டம், மூன்றும் செ.மீ.யில். D2 அடர்த்தி, ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்று. விடை கிலோவில் வரும்.

அகலம் 120, விட்டம் 110, கோர் 10 என்று வைத்தால் கன அளவு 11,30,973 கன செ.மீ. இதுவரை யார் போட்டாலும் ஒரே விடைதான். அடர்த்தியாக எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறோம். நானும் முதல் வருடம் முழுக்க அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

அடர்த்தியைக் கண்டுபிடிக்கப் புத்தக வழி ஒன்று உண்டு: ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று சொல்லும் ஜி.எஸ்.எம்.மை மைக்ரானில் உள்ள தடிமனால் வகுப்பது. எங்கள் 120 ஜி.எஸ்.எம். கிராஃப்டை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 170 மைக்ரான் காட்டியது. 120-ஐ 170-ஆல் வகுத்தால் 0.706. அதன்படி மேலே சொன்ன ரீல் 798 கிலோ இருக்க வேண்டும். சீட்டில் இருந்ததோ 752. ஒரு ரீலுக்கு 46 கிலோ வித்தியாசம். நாற்பது ரீலில் இதே விகிதத்தில் பிசகினால் ஸ்டாக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

ஒரு தாளை அளப்பதும் ரீலாகச் சுற்றிய தாளை அளப்பதும் ஒன்றல்ல. மைக்ரோமீட்டரைக் கை திருகும் விசைக்கேற்ப அது தாளை அழுத்துகிறது. கொஞ்சம் கூடத் திருகினால் தடிமன் குறைந்து அடர்த்தி ஏறிவிடும். ரீலிலோ இரண்டு விஷயம் எதிரெதிராக இழுக்கிறது. சுற்றும்போது விழும் அழுத்தத்தில் தாள்களின் சொரசொரப்பு ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து ரீல் நெருக்கமாகிறது. சுற்று தளர்வாக இருந்தாலோ தாள்களுக்கு நடுவே காற்று தங்கி ரீல் உப்பிக்கொள்கிறது. எது வெல்லும் என்பது மில்லைப் பொறுத்தது, அங்கே ரீல் சுற்றும் வைண்டரைப் பொறுத்தது. ஒரே ஜி.எஸ்.எம்., தாளின் வலிமையைச் சொல்லும் பி.எஃப்.பும் ஒன்றே என்றாலும் இரண்டு மில்களின் ரீல்களுக்கு ஒரே அடர்த்தியைப் போட்டுச் சரிவந்ததை நான் பார்த்ததில்லை.

அதனால் இப்போது அடர்த்தியை நான் தாளில் தேடுவதில்லை, ரீலிடமே கேட்டுவிடுகிறேன். புது ரீல் இறங்கியதும் உறை பிரிப்பதற்கு முன் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து, சீட்டில் உள்ள எடையைக் கன அளவால் வகுத்து எழுதிவைக்கிறேன். 752 கிலோவைக் கிராமாக்கி 11,30,973-ஆல் வகுத்தால் 0.665. மில்லுக்கும் ரகத்துக்கும் தனித்தனி வரிசை. பத்துப் பதினைந்து ரீல் சேர்ந்ததும் சராசரி எடுத்து அதையே அந்த ரகத்தின் அடர்த்தியாக வைத்துக்கொள்கிறேன். இந்த ரகத்துக்கு எண்கள் 0.655-க்கும் 0.675-க்கும் இடையில்தான் நிற்கின்றன. இப்படிக் கிடைத்த எண்ணில் காற்று, இறுக்கம், என் டேப் பிடிக்கும் பழக்கம் எல்லாமே அடங்கிவிடுகின்றன. இதை வேறு யூனிட்டுக்குக் கொடுத்தால் அங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ரீலில் அவர்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டிங் உள்ள ஆர்ட் பேப்பர் ஓட்டும் பிரஸ்களில் இந்த எண் 1.2 பக்கம் நிற்கும். அதே அளவு ரீல் எங்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.

இந்த நோட்டால் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. ஒருமுறை ஒரு லோடில் வந்த 120 செ.மீ. ரீல் ஒன்றுக்கு அடர்த்தி 0.70 வந்தது. திரும்ப அளந்தேன், அதேதான். சீட்டில் 790 கிலோ. பேப்பர் சட்டென்று அவ்வளவு நெருக்கமாக வாய்ப்பில்லையே என்று யோசித்துவிட்டு அதே லோடில் வந்த மற்ற ரீல்களையும் அளந்தேன். 126 செ.மீ. அகல ரீல் ஒன்றில் 752 என்ற சீட்டு ஒட்டியிருந்தது. அதற்குக் கணக்குப்படி வர வேண்டியது 790. எடைச் சீட்டு இரண்டும் மாறி ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். மொத்த பில்லில் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டிருந்தால் இரண்டு அகலத்திலும் ஸ்டாக் தப்பாகப் போயிருக்கும், ஒன்றில் கூட, ஒன்றில் குறைய.

அளப்பதில் அதிகக் கவனம் விட்டத்துக்குத்தான் வேண்டும், அது வர்க்கமாகப் பெருக்கப்படுகிறது. படுக்கையாக அடுக்கிய ரீலும், கிளாம்ப் வண்டி இறுக்கிப் பிடித்த ரீலும் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதை ஒரு பக்கம் மட்டும் அளந்தால் தீர்ந்தது. எங்களிடம் ஒன்று 116-க்கு 102 என்று கிடந்தது. 116-ஐ மட்டும் எடுத்திருந்தால் எடை 14 சதவீதம் கூடியிருக்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம் எடுத்து, B2^2 இருக்கும் இடத்தில் இரண்டையும் பெருக்கிப் போடுங்கள். நீள்வட்டத்தின் பரப்பு அப்படித்தான் வரும்.

கோர் விஷயத்தில் பலர் 76 மி.மீ. என்று போட்டுவிடுகிறார்கள். மூன்று அங்குல கோர் என்பது ஷாஃப்ட் நுழையும் உள் விட்டம். பேப்பர் தொடங்குவது கோரின் வெளிப்பரப்பில், எங்கள் ரீல்களில் அது 10 செ.மீ. முழு ரீலில் இந்தத் தப்பு அரை சதவீதம்கூட இல்லை, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 30 செ.மீ.க்கு இளைத்துப் போன ரீலில் அதே தப்பு 5 சதவீதமாக வளர்ந்துவிடுகிறது. விட்டமும் அப்படித்தான். 110 செ.மீ. ரீலில் ஒரு செ.மீ. பிசகினால் 2 சதவீதத்துக்குள் அடங்கும். 30 செ.மீ. ரீலில் அதே ஒரு செ.மீ. ஏழரை சதவீதம்.

மெஷினிலிருந்து இறக்கிய ரீலில் இன்னொரு சிக்கல். உருவின பேப்பரைக் கையால் திரும்பச் சுற்றியிருப்பார்கள். மேல் சுற்றுகள் தளர்ந்து விட்டம் ஒன்றிரண்டு செ.மீ. ஊதித் தெரியும். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தால் வெளி ஓரம் தொளதொளவென்று இருக்கும், உள்ளே கெட்டியாக ஒலிக்கும். தளர்ந்த சுற்றுகளை இறுக்கிவிட்டோ, அந்தத் தடிமனைத் தள்ளிவிட்டோதான் அளக்க வேண்டும். அப்புறம், மில்லில் கோர் பக்கம் இறுக்கமாகவும் வெளியே வர வரக் கொஞ்சம் தளர்வாகவும் சுற்றுவது வழக்கம். அதனால் சின்னதாகிவிட்ட ரீல் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடவே கனக்கும். இதற்கென்று நான் தனியாக எதையும் திருத்துவதில்லை.

ஈரத்தை மட்டும் இந்தக் கணக்கால் பிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடக்கும் ரீல் ஈரம் இழுத்துக் கிலோக் கணக்கில் ஏறும், விட்டம் பெரிதாக மாறாது. டேப் சொல்வது வந்தபோது இருந்த ஈரத்தோடு கூடிய எடையைத்தான். எனக்கு அது போதும். நான் ஸ்டாக்கில் வைப்பது பேப்பரை, மழைத் தண்ணீரை அல்ல.

மெஷின்காரர்களுக்கு எடையைவிட நீளம்தான் வேண்டும். எடையை ஜி.எஸ்.எம்.மாலும் மீட்டரில் அகலத்தாலும் வகுத்தால் போதும். அன்று காலைவாரிய அந்த 55 செ.மீ. ரீலைப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 183 கிலோ. 120 கிராமைக் கிலோவாக்கி 0.12-ஆலும், அகலம் 1.2-ஆலும் வகுத்தால் 1,270 மீட்டர் சொச்சம். முழு ரீலில் 5,200 மீட்டருக்கு மேல் இருக்கும். இப்போது 5 செ.மீ. இடைவெளியில் விட்டமும் மீட்டரும் எழுதிய அட்டை ஒன்று மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. ரகம் மாறினால் அட்டையும் மாறும்.

30 செ.மீ.க்குக் கீழே வந்துவிட்ட ரீலுக்கு நான் டேப்பை எடுப்பதே இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி எங்கள் சின்னத் தராசில் வைத்துவிடலாம். அப்போது கோரின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. 120 செ.மீ. வெறுங்கோரே ஏறக்குறைய 3 கிலோ இருக்கிறது. 50 கிலோ ரீலில் அது 6 சதவீதம்.