பாசினியனும் மெர்க்கெலும்: ஒரே அழுத்தம், இரண்டு பதில்கள்

விரல் நுனியில் பேனா மூடியை வைத்து ஐந்து விநாடி அழுத்துங்கள். தோலில் தொடுதலை உணரும் மெர்க்கெல் ஏற்பியின் நரம்பிழை அந்த ஐந்து விநாடியும் சமிக்ஞை அனுப்பும். தொடக்கத்தில் வேகமாக, பிறகு குறைவாக, ஆனால் நிற்காமல். இன்னொரு தொடு ஏற்பியான பாசினியனோ மூடி படும்போது ஓரிரண்டு சமிக்ஞை, எடுக்கும்போது ஓரிரண்டு அனுப்பும், நடுவில் மௌனம்.

பலமாக அழுத்தினால், நரம்பு நுனியில் முதலில் எழும் மின்மாற்றமான ஜெனரேட்டர் பொட்டென்ஷியல் உயரும். நரம்பிழை வழியே சமிக்ஞையாகச் செல்லும் மின்துடிப்பான ஆக்‌ஷன் பொட்டென்ஷியலின் உயரமும் கூடும் என்று பலர் தேர்வில் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. மெர்க்கெலில் கூடுவது விநாடிக்கான துடிப்புகளின் எண்ணிக்கை. நிலையான அழுத்தத்தின் அளவை பாசினியனால் சொல்ல முடியாது. அதற்குரியது 200–300 ஹெர்ட்ஸ் அதிர்வு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பாசினியனின் உறையில் பெருமளவு இருக்கிறது. வெங்காயம்போன்ற அடுக்குகளுக்கிடையே உள்ள திரவம் நகர்ந்து, நீடிக்கும் அழுத்தம் நரம்பு நுனியைச் சேராமல் செய்துவிடுகிறது. 1965-இல் ஆய்வாளர்கள் லோவன்ஸ்டைனும் மெண்டல்சனும் அடுக்குகளை உரித்துப் பார்த்தார்கள். சில மில்லிவிநாடியில் அடங்கிய ஜெனரேட்டர் பொட்டென்ஷியல் இப்போது பல மடங்கு நீண்டது. ஆனால், கவனியுங்கள், ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் அப்போதும் தொடக்கத்தில் ஓரிரண்டோடு நின்றது. உறையை நீக்கினாலும் நரம்பிழை தானாகவே தகவமைந்துகொள்கிறது.