ஐந்து நிமிட ஃபர்மார்க்கை நம்பி 3080 வாங்கினேன்

பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

விற்றவர் தன் கணினியிலேயே, கார்டை வாட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் நிரலை ஓட்டிக் காட்டினார். ஐந்து நிமிடம் ஓடியது. 66 டிகிரி, திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் இரைந்தன. "கிரிப்டோ மைனிங்ல ஓடினதா?" என்று கேட்டேன். "சேச்சே, கேம் மட்டும்தான்" என்றார். சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் கேம் தொடங்கி இருபதாவது நிமிடம் திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள், அப்புறம் ஒரே இருட்டு. சூட்டை அளந்து காட்டும் HWiNFO64 போட்டுப் பார்த்தால் சிப் 68 டிகிரிதான். ஆனால் Memory Junction Temperature என்ற வரியில் 110! அந்தச் சூட்டில் மெமரி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபர்மார்க் வாட்டுவது சிப்பைத்தான். ஈத்தரியம் மைனிங் இரவு பகலாகப் பிழிந்ததோ மெமரியை. கார்டைத் திருப்பிப் பார்த்தேன், ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மெமரியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடுகள் நெடுநாள் சூட்டில் கசிந்திருக்கின்றன.

ஃபேன் இரைச்சலுக்கும் காரணம் பிறகுதான் புரிந்தது. கார்டின் வேகங்களை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் நிரலில் ஃபேன் வேகத்தை 30 சதவீதமாக இறக்கினேன். நடு ஃபேன் கரகரத்தது, சில சமயம் சுற்றவே தொடங்கவில்லை. பேரிங் தேய்ந்தால் மெதுவாகச் சுற்றும்போதுதான் காட்டிக்கொடுக்கும். முழு வேகக் காற்றுச் சத்தத்தில் அது காதில் விழாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு விரலால் சுண்டினால், மற்ற இரண்டும் வழுக்கிக்கொண்டு சுற்றி மெல்ல நின்றன. இது அரைச் சுற்றிலேயே நின்றது.

அப்புறம் memtest_vulkan ஓட்டினேன். இலவசம், சின்ன நிரல், மெமரி முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். முதல் ஐந்து நிமிடம் சுத்தம். மெமரி நன்றாகச் சூடேறிய பிறகு, எட்டாவது நிமிடத்தில் Error found என்று வரிசையாகக் கொட்டியது. அரை மணி நேரமாவது ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் அவர் வீட்டில் எப்படி ஓடியது? அவர் திரையை அன்று நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆஃப்டர்பர்னரில் Memory Clock பக்கத்தில் -500. மெமரியின் வேகத்தைக் குறைத்து வைத்துத்தான் காட்டியிருக்கிறார்! 3080 என்றால் சுமை ஏறும்போது மெமரியின் வேகம் 9501 என்று தெரிய வேண்டும். சோதிக்கும் முன் ரீசெட் பொத்தானை நீங்களே அழுத்துங்கள், விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

மைனிங்கில் ஓடிய கார்டெல்லாம் குப்பை என்று சொல்லமாட்டேன். பேடு மாற்றி, பிழையில்லாமல் ஓடுகிறவையும் உண்டு. நானும் பேடு மாற்றிப் பார்த்தேன். சூடு 90-க்கு இறங்கியது, பிழை போகவில்லை. இப்போது என் கணினியிலும் அதே -500-இல்தான் ஓடுகிறது. அவரோ அழைப்பையே எடுப்பதில்லை.