எர்லி ஸ்டேஜில் 5 லட்சம் கொடுத்தார்கள், மேஜர் ஸ்டேஜில் 15 லட்சத்தை மறுத்துவிட்டார்கள்

கேன்சர் பாலிசி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அண்ணன் குடும்பத்துக்கு வர வேண்டிய 15 லட்சம் வராது என்று நேற்று கடிதம் வந்தது. கை நடுக்கத்தோடுதான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பல கம்பெனி பாலிசிகளை ஒப்பிட்டு விற்கும் ஓர் இணையதளம் வழியாக அண்ணன் 20 லட்சத்துக்கு எடுத்திருந்தார். எர்லி ஸ்டேஜ் என்றால் தொகையில் 25 சதவீதம், மேஜர் ஸ்டேஜ் என்றால் முழுத் தொகை, ஆனால் எர்லி ஸ்டேஜுக்குக் கொடுத்ததைக் கழித்துக்கொள்வார்கள். விற்ற பையனிடம் அண்ணி ஸ்பீக்கரில் நேராகவே கேட்டார்: "ஒருவேளை ஆளே போயிட்டா?" அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரிப்போர்ட் வந்தாலே போதும் மேடம், பணம் நாமினிக்கு வந்துடும்." நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. தசைக்குள் இறங்காத, மேலோட்டமான வகை. பாலிசிப்படி அது எர்லி ஸ்டேஜ். காகிதங்களைக் கொடுத்ததும் 5 லட்சம் வந்துவிட்டது, அடுத்த மூன்று வருட பிரீமியமும் தள்ளுபடி. எங்கள் நம்பிக்கை முழுதாக உறுதியானது அன்றைக்குத்தான். மீதி 15 லட்சம் பத்திரமாக இருக்கிறது என்று அந்தத் தளத்தின் ஆளே வாழ்த்துச் சொல்லி மெசேஜ் போட்டான்.

இந்த வருடம் மஞ்சள் காமாலை என்று போனவருக்குக் கணையத்தில் கேன்சர், கல்லீரலிலும் பரவியிருந்தது. ஊசி போட்டு எடுத்த செல் பரிசோதனை மார்ச் 4-ம் தேதி வந்தது. கேன்சர் செல்கள் இருப்பதாக அதிலேயே எழுதியிருந்தது. கீமோ தொடங்க பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை, வேண்டும் என்றார் டாக்டர். அதற்குள் பித்தக்குழாய் அடைப்பு, ஸ்டென்ட், காய்ச்சல் என்று நாட்கள் ஓடின. பயாப்ஸி ரிப்போர்ட் மார்ச் 22-ல் கைக்கு வந்தது. ஏப்ரல் 11-ம் தேதி அண்ணன் போய்விட்டார்.

நோய் உறுதியான நாளிலிருந்து 30 நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்று பாலிசிக்குள் ஒரு நிபந்தனை உண்டு. சர்வைவல் பீரியட் என்பார்கள். இந்த பாலிசியில் அது மேஜர் ஸ்டேஜுக்கும் பொருந்தும். எர்லி ஸ்டேஜில் அண்ணன் நடமாடிக்கொண்டிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. மார்ச் 4-லிருந்து எண்ணினால் அண்ணன் 38 நாள் இருந்தார். கம்பெனியோ மார்ச் 22-லிருந்து எண்ணி 20 நாள்தான் என்கிறது. திசுப் பரிசோதனையில் நிரூபணமானால்தான் கேன்சர் என்று அவர்களுடைய வரையறை சொல்கிறதாம். ஊசியில் எடுத்தது வெறும் செல், திசு இல்லை, அதனால் அது கணக்கில் வராதாம். உடம்பு மோசமானதால்தான் பயாப்ஸி தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தையே காட்டி 15 லட்சத்தையும் மறுத்துவிட்டார்கள். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

தளத்தைக் கூப்பிட்டால் "முடிவு கம்பெனியுடையது" என்கிறார்கள். கம்பெனியைக் கூப்பிட்டால் "விற்றபோது என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, அவர்களிடமே கேளுங்கள்" என்கிறார்கள். அந்த அழைப்பின் பதிவைக் கேட்டோம், கிடைக்கவில்லையாம். வாழ்த்து அனுப்பிய ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை. துக்க வீட்டில் இருக்கும் அண்ணியிடம், "பாலிசிதாரர் நேரில் பேசினால் நல்லது" என்று ஒரு பெண் சொல்கிறாள். யார் இறந்தார் என்றுகூடப் பார்க்காமல் பேசுகிறார்கள்!

குறைதீர்ப்பாளரிடம் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உங்களுக்கு இரண்டு மூன்று விஷயம். சர்வைவல் பீரியட் எத்தனை நாள் என்று பாலிசிப் பத்திரத்தில் தேடுங்கள். சில கேன்சர் பாலிசிகளில் 7 நாள்தான், கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளில் 30 நாள்வரை வைக்கிறார்கள். நோய் கண்டறிந்த தேதி என்றால் மாதிரி எடுத்த நாளா, ரிப்போர்ட் வந்த நாளா, செல் பரிசோதனை செல்லுமா என்று கம்பெனியிடமே மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது ஊசிப் பரிசோதனையிலேயே கேன்சர் என்று வந்தால், பாலிசி இருப்பதை டாக்டரிடம் அன்றைக்கே சொல்லி, திசுப் பரிசோதனையை எவ்வளவு சீக்கிரம் செய்ய முடியும் என்று கேளுங்கள். இறப்புக்குப் பணம் வேண்டுமென்றால் தனியாக டேர்ம் பாலிசி எடுங்கள், இந்த வகை பாலிசி அதற்கு உதவாது. போனில் விற்பவன் நாமினிக்கு வரும் என்று சொன்னால், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், காட்டும்வரை பணம் கட்டாதீர்கள்.